பேட்டரி வண்டிகளின் டயர், காற்று, பாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓடும் இ-ரிக்‌ஷாக்களுக்கும், அதே சட்டகத்தில் பெட்டி பொருத்திய இ-கார்ட் சரக்கு வண்டிகளுக்கும் உரியது. பேரூராட்சிகளிலும் ஊராட்சிகளிலும் குப்பை சேகரிக்கும் மூன்று சக்கர பேட்டரி வண்டிகள் பலவும் இந்த வகைதான். ஆட்டோவைப் போல வேகமாக ஓடும் மின்சார ஆட்டோக்களின் டயரும் பாரக் கணக்கும் வேறு. அவற்றை இங்கே கலக்கவில்லை.

எத்தனை பிஎஸ்ஐ காற்று வைக்க வேண்டும்? ஒரே எண்ணாகச் சொல்லுங்கள்.

ஒரே எண் கிடையாது. காற்று என்பது அந்தச் சக்கரத்தின் மேல் விழும் எடைக்கு ஏற்றது. ஒரே வண்டியில் முன் சக்கரத்துக்கு ஓர் அளவு, பின் சக்கரங்களுக்கு வேறு அளவு. வண்டியோடு வந்த கையேட்டிலோ, ஓட்டுநர் இருக்கை அருகே ஒட்டியிருக்கும் தகட்டிலோ இரண்டு எண்கள் இருந்தால் முதலில் அவற்றைப் பின்பற்றுங்கள். டயரும் பேட்டரியும் மாற்றப்படாத வண்டிக்கு அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

டயரின் பக்கச்சுவரில் இருக்கும் எண்ணை அப்படியே மூன்று சக்கரத்துக்கும் அடிப்பதுதான் அதிகம் நடக்கிறது. அங்கே அதிகபட்சப் பாரமும் அதற்கான காற்றழுத்தமும் சேர்ந்தே அச்சாகியிருக்கும். ‘இவ்வளவு கிலோவைத் தாங்க இவ்வளவு காற்று வேண்டும்’ என்பதே அதன் பொருள். அவ்வளவு எடை விழாத முன் சக்கரத்துக்கும் அந்தக் காற்றை அடித்தால் டயர் உருண்டையாக உப்பி, நடுப்பகுதி மட்டுமே தரையில் படும். மழை ஈரத்தில் பிரேக் பிடிக்கும்போது முன் சக்கரம் வழுக்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

என் வண்டிக்குக் கையேடும் இல்லை, தகடும் இல்லை. எப்படிக் கணக்குப் போடுவது?

ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் எவ்வளவு எடை விழுகிறது என்று நிறுத்துப் பார்க்க வேண்டும். லாரி எடைமேடை இதற்குச் சரிவராது. அது 5 அல்லது 10 கிலோ படிகளில்தான் காட்டும். பழைய இரும்புக் கடையிலோ நெல் மண்டியிலோ இருக்கும் தரைத் தராசு போதும், 500 கிலோ வரை நிறுக்கக்கூடியதாக இருந்தால் நல்லது. ஒரு சக்கரத்தைத் தராசின் மேல் ஏற்றி, மற்ற இரண்டு சக்கரங்களையும் அதே உயரத்துக்குப் பலகை போட்டு நிறுத்துங்கள். வண்டி சாய்ந்திருந்தால் எண் பொய் சொல்லும். வழக்கமாக ஏற்றும் பாரம் பெட்டியில் இருக்க வேண்டும், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்று எண்களையும் கூட்டினால் வண்டியின் மொத்த எடை வர வேண்டும். அதிக வித்தியாசம் இருந்தால் மறுபடி நிறுங்கள்.

ஒரு கணக்கை முழுதாகப் பார்ப்போம். எண்கள் வண்டிக்கு வண்டி மாறும், கணக்குப் போடும் முறை மாறாது. ஈய-அமில பேட்டரிகளோடு வெறும் வண்டி 330 கிலோ, அதில் முன் சக்கரத்தில் 110, பின் சக்கரங்கள் இரண்டிலும் சேர்த்து 220. ஓட்டுநர் 65 கிலோ. அவர் முன்பக்கம் உட்காருவதால் அதில் 40 கிலோ முன்னுக்கும் 25 கிலோ பின்னுக்கும் போகிறது. சரக்கு 310 கிலோ. முன் சக்கரத்துக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.05 மீட்டர்.

சரக்கின் நடுப்புள்ளி பின் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால், 310 கிலோவில் சுமார் 265 கிலோ பின் அச்சிலும் 45 கிலோ முன் சக்கரத்திலும் விழும். ஆக முன் சக்கரத்தில் 195, பின் சக்கரம் ஒவ்வொன்றிலும் 255. இப்போது டயரைப் படியுங்கள். பக்கச்சுவரில் அதிகபட்சம் 290 கிலோ, 50 பிஎஸ்ஐ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 255-ஐ 290-ஆல் வகுத்து 50-ஆல் பெருக்கினால் 44 வரும். அதுதான் பின் சக்கரங்களுக்கான காற்று. முன்னுக்கு அதே கணக்கில் 34.

இந்த நேர் விகிதம் தேவையைவிட ஓரிரண்டு பிஎஸ்ஐ கூடுதலாகவே காட்டும். பாரம் ஏற்றும் வண்டிக்கு அந்தப் பக்கம் தவறுவதே நல்லது. ஆனால் வெற்று வண்டிக்கு இதே கணக்கைப் போட்டால் பின் சக்கரத்துக்கு 21 பிஎஸ்ஐ என்று வரும். அவ்வளவு கீழே இறக்காதீர்கள். டயர் ரிம்மைப் பிடித்து உட்காராது. ஒரே நாளில் வெறுமையாகவும் பாரத்தோடும் ஓடும் வண்டிக்கு அன்றைய மிக அதிகமான பாரத்தைக் கணக்கில் வைத்தே காற்று அடியுங்கள்.

சட்டப்படி 310 கிலோதான் ஏற்றுகிறேன். அப்புறமும் பின்னால் ஒரு டயர் மட்டும் சீக்கிரம் வெடிக்கிறது. ஏன்?

பாரம் எவ்வளவு என்பதைப் போலவே எங்கே இருக்கிறது என்பதும் கணக்கு. மேலே சொன்ன அதே வண்டியில் அதே 310 கிலோவைப் பெட்டியின் பின்கதவை ஒட்டி அடுக்கிப் பாருங்கள். நடுப்புள்ளி 35 சென்டிமீட்டர் பின்னால் போனால் போதும், 53 கிலோ முன் சக்கரத்திலிருந்து பின் அச்சுக்கு மாறிவிடுகிறது. பின் சக்கரம் ஒவ்வொன்றிலும் 255 இருந்தது 281 ஆகிறது. முன் சக்கரத்தில் 142 கிலோதான் மிஞ்சும், ஹேண்டில் இலேசாகி வண்டி மிதப்பது போல் தெரியும்.

அடுத்தது பக்கவாட்டுச் சாய்வு. இரண்டு பின் சக்கரங்களுக்கும் இடையே 80 சென்டிமீட்டர்தான். மூட்டைகளை இடதுபக்கச் சுவரில் சாய்த்து அடுக்கினால் நடுப்புள்ளி 4 சென்டிமீட்டர் நகர்வது சாதாரணம். அந்த 4 சென்டிமீட்டரிலேயே ஒரு சக்கரத்தில் 15 கிலோ கூடி, மற்றொன்றில் 15 குறைகிறது. இடது பின் சக்கரத்தில் இப்போது 296 கிலோ. டயரின் உச்ச வரம்பு 290. மொத்த எடை ஒரு கிலோகூட மாறவில்லை, ஆனாலும் ஒரு டயர் வரம்பைத் தாண்டிவிட்டது. அது வண்டி நிற்கும்போது உள்ள எடை. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரத்தில் இன்னும் ஏறும், பள்ளத்தில் இறங்கும்போது அதற்கும் மேல். அதனால்தான் நிற்கும் நிலையில் டயர் வரம்பில் 85 சதவீதத்தைத் தாண்டாமல் வைக்கச் சொல்கிறேன். இந்த எடுத்துக்காட்டில் அது சக்கரத்துக்கு 246 கிலோ வரும். அச்சுக்கு முன்னால் ஒழுங்காக அடுக்கியபோதே 255 இருந்தது. அதாவது 290 கிலோ டயர் இந்த வண்டிக்கு இழுத்துப் பிடித்தே போதும். 315 கிலோ தாங்கும் டயர் அதே அளவில் கிடைத்தால், ரிம்மும் அதற்கான காற்றைத் தாங்குமென்றால், அடுத்த முறை அதை வாங்குங்கள்.

ஒரு பக்கம் மட்டும் வெடிக்கும் வண்டியில் சார்ஜரும் கருவிப் பெட்டியும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று பாருங்கள். குப்பை வண்டிகளில் ஈரக் குப்பைத் தொட்டி எப்போதும் ஒரே பக்கத்தில் இருக்கும்; ஈரக் குப்பை உலர் குப்பையைவிடப் பன்மடங்கு கனம். தொட்டிகளை இடம் மாற்றி வைப்பதே அந்த டயருக்கான முதல் வைத்தியம்.

310 கிலோ என்ற எண் எங்கிருந்து வந்தது? என் டயர் அதற்கு மேல் தாங்குமென்றால் ஏற்றலாமா?

2014 அக்டோபரில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தத்தில் இ-கார்ட்டுக்கு 310 கிலோ சரக்கு, இ-ரிக்‌ஷாவுக்கு ஓட்டுநர் தவிர 4 பயணிகளும் 40 கிலோ மூட்டை முடிச்சும் என்று வரையறுத்தார்கள். டயர் அந்த வரம்பை உயர்த்த முடியாது. வண்டியின் வரம்பு என்பது சட்டம், வண்டித் தகடு, அச்சு, ரிம், டயர் ஆகியவற்றில் எது குறைவோ அதுதான்.

இ-ரிக்‌ஷாவில் பின் இருக்கையில் கூடுதலாக இரண்டு பேரை நெருக்கி உட்காரவைத்தால், தலா 65 கிலோ என்று வைத்தாலும் பின் சக்கரம் ஒவ்வொன்றிலும் 65 கிலோ ஏறுகிறது. இந்தப் பக்கத்தில் சொன்ன எந்தக் காற்றுக் கணக்கும் அதைச் சரிக்கட்டாது.

வேகம் 25தானே. மெதுவாகப் போனால் டயரில் எழுதியிருப்பதைவிட அதிகம் தாங்கும் என்கிறார்களே?

அதில் பாதி உண்மை. டயரைக் கொல்வது வெப்பம். வேகம் குறைந்தால் வெப்பம் குறையும். அதனால் சில டயர்களுக்குக் குறைந்த வேகத்தில் கூடுதல் பாரத்தை அனுமதிக்கும் அட்டவணையை உற்பத்தியாளரே தருவார், அதற்கேற்ற கூடுதல் காற்றோடு. ஆனால் இ-ரிக்‌ஷாவுக்கென்றே செய்த டயரில் அந்தச் சலுகை ஏற்கெனவே கணக்கில் சேர்ந்திருக்கும். பாரக் குறியீட்டு எண்ணுக்குப் பக்கத்தில் வேகத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து ஒன்று இருக்கும்; ‘B’ என்றால் 50 கிலோமீட்டர், ‘J’ என்றால் 100. குறைந்த வேக எழுத்தோடு வந்த டயருக்கு மறுபடி தள்ளுபடி கேட்க முடியாது. மேலும் ரிம்மும் அச்சும் பேரிங்கும் மெதுவாகப் போவதற்காகக் கூடுதல் எடையைத் தாங்கிக்கொள்வதில்லை. பள்ளத்தில் விழும் அடி 15 கிலோமீட்டரிலும் அடிதான்.

ஸ்கூட்டர் டயர் 12 அங்குலம் அப்படியே பொருந்துகிறது, விலையும் குறைவு. போடலாமா?

வேண்டாம். ரிம்மில் உட்காருவது வேறு, பாரம் தாங்குவது வேறு. ஸ்கூட்டர்களில் பரவலாக வரும் 90/90-12 டயரில் 54 ஜே என்று அச்சாகியிருக்கும். 54 என்ற குறியீட்டுக்கு 212 கிலோ. பின் அச்சுக்கு முன்னால் சரியாக ஏற்றிய நம் இ-கார்ட்டிலேயே சக்கரத்துக்கு 255 கிலோ விழுகிறது. அங்கேயே 43 கிலோ அதிகம். வாங்கும்போது நினைவில் வைக்க இன்னும் சில குறியீடுகள்: 60 என்றால் 250 கிலோ, 62 என்றால் 265, 65 என்றால் 290, 68 என்றால் 315.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ஸ்கூட்டர் சாய்ந்து வளைவதற்காக அந்த டயரின் முகம் உருண்டையாக இருக்கும். மூன்று சக்கர வண்டி சாய்வதில்லை. ஆகவே நடுவில் ஒரு குறுகிய பட்டை மட்டும் தரையில் பட்டு, ஓரங்களில் பட்டன் புதிதாக இருக்கும்போதே நடுப்பகுதி மொட்டையாகிவிடும். தட்டையான முகம் கொண்ட மூன்று சக்கர டயரையே கேட்டு வாங்குங்கள்.

6 பிஆருக்குப் பதிலாக 8 பிஆர் போட்டால் அதிகப் பாரம் தாங்குமா?

காற்றையும் கூட்டினால்தான் தாங்கும். பிஆர் எண் டயரின் கூடு எவ்வளவு காற்றைத் தாங்கும் என்பதைச் சொல்கிறது. பாரத்தைச் சுமப்பது உள்ளே இருக்கும் காற்றுதான். 8 பிஆர் டயரில் பழைய 44 பிஎஸ்ஐயையே வைத்தால், கனமான பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிந்து, முன்பைவிட அதிகமாகச் சூடாகும். காற்றைக் கூட்டும் முன் ரிம்மில் அதன் உச்ச அளவு அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். மலிவான வண்டிகளின் அழுத்திச் செய்த இரும்பு ரிம்மில் கூடுதல் காற்றும் கூடுதல் பாரமும் சேர்ந்தால் நட்டுத் துளைகளைச் சுற்றி முடி போன்ற விரிசல் தொடங்கும். ரிம்மைக் கழுவிய பிறகு அந்த இடத்தில் துருக்கோடு தெரிந்தால் அது விரிசல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

காற்று குறைவாக ஓடுகிறது என்பதைக் கருவி இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

கருவியே சரியான வழி, அதற்குப் பெரிய செலவும் இல்லை. ஆனாலும் வண்டி நான்கு இடங்களில் காட்டிக்கொடுக்கும்.

முதலில் வால்வைப் பாருங்கள். டியூப் போட்ட பின் சக்கரத்தில் வால்வு ரிம் துளையிலிருந்து நேராக வெளியே நிற்க வேண்டும். அது ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் டயர் ரிம்மின் மேல் வழுக்கியிருக்கிறது, டியூபையும் கூடவே இழுத்திருக்கிறது. மின் மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு இழுவையைத் தருவதால் பேட்டரி வண்டிகளில் இது அதிகம். பாரத்தோடு மேட்டில் கிளம்பும் வண்டியில் காற்று குறைந்திருந்தால் ஒவ்வொரு கிளம்பலிலும் துளித் துளியாக நகர்ந்து, ஒருநாள் வால்வின் அடி கிழிந்து டியூப் மொத்தமாகக் காற்றை விட்டுவிடும். பஞ்சர் ஒட்டி அதைக் காப்பாற்ற முடியாது. வால்வு சாய்ந்ததைப் பார்த்த அன்றே காற்றை முழுதாக இறக்கி, டயரை நகர்த்தி வால்வை நேராக்கி, சரியான அளவுக்கு அடித்துவிடுங்கள்.

இரண்டாவது, தேய்மானம். இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடுவில் பட்டன் மிஞ்சியிருந்தால் காற்றுக் குறைவு; நடுவில் தேய்ந்தால் அதிகம். ஒரே ஓரம் மட்டும் தேய்ந்தால் காற்றில் குறையில்லை, அச்சோ பேரிங்கோ கோணியிருக்கிறது. மூன்றாவது, பக்கச்சுவர். ரிம்முக்குச் சற்று மேலே வட்டமாகச் சுற்றி ஓடும் மெல்லிய வெடிப்புகள் காற்றில்லாமல் மடங்கி ஓடியதன் தழும்பு. அந்த டயரை முன் சக்கரத்துக்கு மாற்றுவதும் ஆபத்து.

நான்காவதுதான் ஓட்டுநர்கள் முதலில் உணர்வது: ஒரு சார்ஜில் ஓடும் தூரம் குறையும்.

பேட்டரி வலுவிழந்துவிட்டது என்று நினைத்தேன், காற்றைப் பாருங்கள் என்கிறீர்கள். அவ்வளவு வித்தியாசமா?

25 கிலோமீட்டர் வேகத்தில் சமதளத்தில் ஓடும் வண்டிக்குக் காற்றின் எதிர்ப்பு சிறியது. பேட்டரியின் பெரும்பங்கைத் தின்பது டயர் உருளும்போது ஏற்படும் தடை. அந்தத் தடை டயர் மடங்கும் அளவைப் பொறுத்தது. எனவே காற்றுக் குறைவு இந்த வண்டிகளில் காரைவிடப் பளிச்சென்று தெரியும்.

பேட்டரியை மாற்றும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஆளில்லாத சமமான சாலையில் ஒரே பாரத்தோடு 20 கிலோமீட்டர் வேகம் பிடித்து, ஓர் இடத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக விட்டுவிடுங்கள். வண்டி தானாக நிற்கும் இடத்தைக் குறியுங்கள். திரும்பி எதிர்த்திசையிலும் ஒருமுறை; சாலையின் கண்ணுக்குத் தெரியாத சரிவு இதில் கழிந்துவிடும். பிறகு சரியான அளவுக்குக் காற்று அடித்து அதே இடத்தில் மறுபடி செய்யுங்கள். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மோட்டாரே பிரேக் பிடிக்கும் வண்டியாக இருந்தால் அந்த வசதியை நிறுத்திவிட்டு அல்லது நியூட்ரலில் போட்டுச் செய்ய வேண்டும். காற்று அடித்ததும் உருளும் தூரம் நன்றாக நீண்டால் குறை டயரில் இருந்தது. நீளவில்லையென்றால் பிரேக் உரசுகிறதா என்று பார்த்துவிட்டு அதன் பிறகு பேட்டரிக்குப் போங்கள்.

மதியம் பார்த்தால் காற்று அதிகமாகக் காட்டுகிறது. கொஞ்சம் இறக்கிவிடலாமா?

இறக்காதீர்கள். நீங்கள் வைக்க வேண்டிய அளவு குளிர்ந்த டயருக்கானது; காலையில் வண்டியை எடுக்கும் முன் பார்ப்பது. 45 பிஎஸ்ஐ உள்ள டயரில் 10 டிகிரி வெப்பம் கூடினால் ஏறக்குறைய 2 பிஎஸ்ஐ ஏறும். மே மாத வெயிலில் பாரத்தோடு ஓடியபின் 4, 5 கூடியிருப்பது இயல்பு. அதை இறக்கினால் மறுநாள் காலை அதே அளவு குறைவாக இருக்கும்.

சூடாகி 8, 10 பிஎஸ்ஐ ஏறியிருந்தால் நிலைமை வேறு. பாரம் அதிகம் அல்லது காலையிலேயே காற்று குறைவாக இருந்தது என்று பொருள். அப்போதும் இறக்கக் கூடாது. பாரத்தைக் குறைக்க வேண்டும்.

லித்தியம் பேட்டரிக்கு மாறிவிட்டேன். டயர் காற்றை மாற்ற வேண்டுமா?

மாற்றலாம், மறுபடி நிறுத்துப் பாருங்கள். நான்கு ஈய-அமில பேட்டரிகள் சேர்ந்து 100 கிலோவைத் தாண்டும். அதே அளவு மின்சாரம் தரும் லித்தியம் பெட்டி அதில் பாதிகூட இருக்காது. குறைந்த எடை பெரும்பாலும் பின் அச்சுக்குப் பக்கத்திலிருந்து குறைந்தது. நம் எடுத்துக்காட்டு வண்டியில் பின்னாலிருந்து 50 கிலோ குறைந்தால் சக்கரத்துக்கு 230 கிலோ, காற்று 40 பிஎஸ்ஐ. மேலே சொன்ன 85 சதவீத வரம்புக்குள் டயர் இப்போதுதான் வந்து சேர்கிறது. அந்த இடத்தைச் சரக்கால் நிரப்பாதீர்கள். 310 கிலோ வரம்பு பேட்டரியைப் பார்த்து மாறுவதில்லை.

பின் சக்கரங்களில் ஒன்று மட்டும் தேய்ந்துவிட்டது. ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா?

இரண்டையும் மாற்றுங்கள், ஒரே நிறுவனம், ஒரே வார்ப்பு. புது டயரும் தேய்ந்த டயரும் ஒரே அச்சில் இருந்தால் சுற்றளவு வேறுபடும். நேரான சாலையிலும் டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்து சூடாகும். மிஞ்சிய நல்ல டயரை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாம். பின்பக்கம் இரண்டிலும் ஒரே அளவு காற்று. ஒரு பக்கம் எடை அதிகமென்றால் அந்தக் கனமான பக்கத்துக்கான அளவை இரண்டுக்கும் வையுங்கள்.

சாலையோரத்தில் நானே டியூப் மாற்றிக்கொள்கிறேன். கவனிக்க வேண்டியது என்ன?

இரண்டு பாதிகளைச் சேர்த்து நட்டுப் போட்ட ரிம்மா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் சக்கரத்தில் இரண்டு வட்டமாக நட்டுகள் இருக்கும்: ஒரு வட்டம் சக்கரத்தை ஹப்போடு பிடிப்பது, மற்றது இரண்டு பாதிகளையும் பிடிப்பது. டயரில் காற்று இருக்கும்போது இரண்டாவது வட்டத்தைத் தளர்த்தினால் பாதி ரிம் முகத்துக்குப் பறந்து வரும். பஞ்சரான டயரிலும் மிச்சக் காற்று இருக்கும். ஆகவே வண்டியை ஜாக்கியில் தூக்குவதற்கும் முன்பே வால்வின் ஊசியைக் கழற்றி, டயரைக் கையால் அமுக்கிப் பார்த்து, காற்று முற்றிலும் போன பிறகே நட்டுகளில் ஸ்பேனரை வையுங்கள். சேர்க்கும்போது டியூபில் உருவம் எடுக்கும் அளவுக்கு மட்டும் காற்று அடித்து உள்ளே வைத்து, இரண்டு பாதிகளின் இடுக்கில் டியூப் சிக்கவில்லை என்று விரலால் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லா நட்டுகளையும் இறுக்கிய பிறகே முழுக் காற்றை அடியுங்கள்.